பொது டக்டைச் சுத்தம் செய்யக் கோரும் கடிதம்

இராயபுரம் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே எண்ணூரை நோக்கிச் செல்பவர்கள், தரைத்தளத்தில் இரண்டு மூன்று உணவகங்களும், முதல் மாடியில் கப்பல் சரக்கு ஏஜெண்டுகளின் அலுவலகங்களும், அதற்கு மேலே லாட்ஜு அறைகளுமாக அமைந்த கட்டடங்களைக் கண்டிருப்பார்கள். இத்தகைய கட்டடத்தில் ஒவ்வோர் அடுப்பங்கரைக்கும் தனித்தனிப் புகைவழி அமைக்க இடம் போதாமையால், எல்லா அடுப்புகளின் புகையும் ஒரே டக்டில் சேர்ந்து, கட்டடத்தின் பின்புறமாக ஏறி, மொட்டை மாடியில் உள்ள புளோயரின் வழியே வெளியேறும்படி அமைத்துவிடுவது உண்டு. டக்டில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கு மூன்று கடைக்காரர்களுக்கும் பொது; அதைச் சுரண்டி எடுக்கும் பொறுப்போ பெரும்பாலும் ஒருவருக்கும் உரியதன்று என்னும் நிலையில் நின்றுவிடுகிறது.

இந்நிலையில் ஓர் உணவக உரிமையாளர் கட்டடத்தின் மேலாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் பற்றியது இந்த அத்தியாயம். "டக்ட் அழுக்காக இருக்கிறது, தயவுசெய்து கவனிக்கவும்" என்று எழுதப்படும் கடிதம் கோப்பில் சேருமேயன்றிக் காரியம் ஆகாது. எங்கே, எவ்வளவு, யாருடைய பகுதியில், எந்தத் தேதிக்குள் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை உள்ள கடிதத்தை மேலாளர் தம் முதலாளியிடம் எடுத்துச் சென்று பணம் கேட்க முடியும். ஆதலால் கடிதத்தைத் தொடங்கும் இடம் மேஜையன்று; டக்டின் அடிப்புறமாகும்.

டக்டினுள் நிகழ்வது

வாணலியிலும் பரோட்டாக் கல்லிலும் சூடேறும் எண்ணெயின் ஒரு பகுதி ஆவியாகவும் நுண்ணிய துளிகளாகவும் மேலெழுகிறது. ஹூடில் உள்ள ஃபில்டர்கள் அதில் ஒரு பங்கைத் தடுத்து நிறுத்துகின்றன; மிச்சம் டக்டினுள் நுழைந்து, குளிர்ந்த தகரத்தைத் தொட்டவுடன் படிந்து கெட்டியாகிறது. காற்றின் வேகம் குறையும் இடங்களிலும், திசை மாறும் வளைவுகளிலும், படுக்கையாகச் செல்லும் குழாயின் அடிப்பரப்பிலும் இப்படிவு மிகுதியாகச் சேரும். இப்பிராந்தியத்தில் இதனோடு வேறு இரண்டு விஷயங்களும் கூடுகின்றன. கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி அடுப்பங்கரைக்குள் வந்து பிசுக்கில் ஒட்டிக்கொண்டு, அதனை வழியவிடாமல் அடையாக்கிவிடுகிறது. கடற்காற்றின் உப்பு, துத்தநாகம் பூசிய தகரத்தின் இணைப்புகளை வெளிப்புறமிருந்து அரித்து, அவ்விடங்களில் எண்ணெய் கசியும்படி செய்கிறது. கசிந்த எண்ணெய் ஃபால்ஸ் சீலிங் பலகையில் ஊறினால், தீக்கு டக்டுக்கு வெளியேயும் ஒரு வழி ஏற்பட்டுவிடுகிறது.

தீப்பிடிப்பது பெரும்பாலும் அடுப்பிலிருந்தே ஆகும். அதிவேகத் தீயில் நூடுல்ஸையோ ஃபிரைட் ரைஸையோ புரட்டும்போது வாணலியிலிருந்து எழும் சுவாலை, ஃபில்டர் கழன்றோ வளைந்தோ இருக்கும் இடைவெளியின் வழியே உள்ளே இழுக்கப்படலாம். சமையல் எண்ணெய் ஏறத்தாழ 350 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நெருப்புப் பொறி இல்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளக் கூடியதாகையால், அடுப்பில் விட்டு மறந்த எண்ணெய்ச் சட்டி ஒன்றே போதிய காரணமாகிவிடும். உள்ளே பிடித்த தீ, கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் காற்றின் உதவியால் அடுத்த கடையின் கிளைக்குழாய் சேரும் இடத்தையும், மாடிகளையும் கடந்து போகும். அவ்வேளையில் கீழே நிற்கும் மாஸ்டருக்குத் தம் அடுப்பு அணைந்துவிட்டதாகவே தோன்றலாம்.

இந்த மறைவுதான் பெரிய அபாயம். 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வெஸ்ட் ராக்ஸ்பரி பகுதியிலிருந்த ஓர் உணவகத்தில், புகைக்குழாயில் சேர்ந்த பிசுக்கிலிருந்து எழுந்த தீ சீலிங்குக்கு மேலே ஒருவர் கண்ணிலும் படாமல் நெடுநேரம் எரிந்து, தீயணைப்போர் உள்ளே சென்ற பிறகு திடீரெனப் பெருகியதில் அவர்களுள் இருவர் உயிரிழந்தனர். அது ஒற்றை மாடிக் கட்டடம். மேலே லாட்ஜு அறைகளில் ஆட்கள் உறங்கும் கட்டடத்தில் இதன் விளைவை விவரிக்க வேண்டியதில்லை.

எழுதுமுன் பார்க்க வேண்டியவை

கடை மூடி, அடுப்புகள் ஆறி, புளோயரின் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே பார்வையிட வேண்டும். முதலில் ஃபில்டர்களைக் கழற்றி, கைவிளக்கால் ஹூடின் பின்புறத்தையும் உங்கள் கிளைக்குழாயையும் பாருங்கள். அடுத்து, பொதுக் குழாயில் திறந்து பார்க்கும் கதவுகள் எங்கெங்கே உள்ளன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 96ஆம் எண் நியமம், படுக்கைக் குழாயில் ஏறத்தாழ 3.7 மீட்டருக்கு ஒரு கதவும், நிமிர்ந்து ஏறும் குழாயில் மாடிக்கு ஒரு கதவும் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. அந்நியமம் இங்கே சட்டமன்று. ஆயினும் உலகெங்கும் இத்துறையினர் அளவுகோலாகக் கொள்வது அதுவேயாகையால் கடிதத்தில் அதைக் காட்டுவதில் தவறில்லை. கதவே இல்லாத நீளத்தை ஒருவரும் சுத்தம் செய்திருக்க முடியாது என்பது, கதவுகளை எண்ணுவதால் கிடைக்கும் முதல் உண்மையாகும்.

பின்னர்ப் படிவின் கனத்தை அளக்க வேண்டும். சீப்பைப் போன்ற பற்களுடைய சிறு அளவுகோலைப் பரப்பின்மேல் இழுத்தால், எந்தப் பல் பிசுக்கைத் தொடுகிறது என்பதைக் கொண்டு கனம் தெரியும். அது கிடைக்காவிடில் மெல்லிய எஃகு ஸ்கேலைத் தகரம் தட்டும்வரை செங்குத்தாகக் குத்தி, ஈரமான நீளத்தைப் படித்துக்கொள்ளலாம். மேற்சொன்ன நியமத்தின்படி, படிவு 2 மில்லிமீட்டரை எட்டினால் சுத்தம் செய்தே ஆக வேண்டும். சுத்தம் செய்தபின் எஞ்சுவது 50 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு, மேற்படலாகாது. அளவை ஓரிடத்தில் மட்டும் எடுத்து நிறுத்திவிடாமல் அடிப்பரப்பு, பக்கம், மேற்பரப்பு என மூன்றிலும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஸ்கேலோடு சேர்த்துப் புகைப்படம் பிடித்துக்கொள்ளுங்கள். கதவுக்கருகே கிடைத்த அளவு கதவில்லாத வளைவின் நிலையைச் சொல்லாது. அங்கே இதைவிட அதிகமாகவே இருக்கலாம்.

கடைசியாக மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். புளோயரின் பெட்டியிலிருந்து கரிய எண்ணெய் வழிந்து தரையில் கறை பரவியிருப்பதும், பெல்ட் தளர்ந்திருப்பதும், புளோயர் ஓடும் வேளையில் அடுப்பருகே ஃபில்டரில் வைத்த காகிதம் ஒட்டி நிற்காமல் விழுவதும், புகை அடுப்பங்கரைக்கே திரும்பி வருவதும் காற்றோட்டம் குறைந்ததன் அடையாளங்கள். காற்றோட்டம் குறைந்தால் ஆவி உள்ளேயே தங்கி மேலும் படியுமாதலால், இவை சௌகரியக் குறைவு மட்டுமல்ல.

எது உங்களுடையது, எது கட்டடத்தினுடையது

ஹூடு, ஃபில்டர், பொதுக் குழாயில் சேரும்வரை உள்ள கிளைக்குழாய் ஆகியவை கடைக்காரரைச் சார்ந்தவை என்றும், அதற்குமேல் உள்ள பொதுக் குழாயும் புளோயரும் கட்டட நிர்வாகத்தைச் சார்ந்தவை என்றும் பிரித்துக்கொள்வது இயல்பான முறை. எனினும் உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கலாம். பராமரிப்புக் கட்டணம் எதற்கெல்லாம் வாங்கப்படுகிறது என்னும் பிரிவைப் படித்த பிறகே எழுதுங்கள். உங்கள் பகுதியை முதலில் சுத்தம் செய்து, அதற்கான ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால், "உம்முடைய அடுப்பங்கரையை முதலில் பாரும்" என்ற பதிலுக்கு இடமிராது.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இராயபுரத்தில், தரைத்தளத்தோடு மூன்று மாடிகள் கொண்ட கட்டடம். கீழே ஒரு பிரியாணி பரோட்டாக் கடை, ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடை, ஒரு பலகாரக் கடை. மூன்றின் புகையும் கடைகளின் பின்னால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே செல்லும் 9 மீட்டர் நீளப் படுக்கைக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து 14 மீட்டர் உயரம் ஏறிப் புளோயரை அடைகிறது. குழாயின் அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 45 சென்டிமீட்டர். ஏறுகுழாயின் அடியில் ஒரே ஒரு கதவு. பிரியாணிக் கடையின் கிளை சேரும் இடத்தில் ஒரு மூடி. இந்த இரண்டின் வழியே அக்கடையின் உரிமையாளர் அளந்து பார்த்தபின் எழுதும் கடிதம் இது.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்
உரிமையாளர், பிரியாணி பரோட்டாக் கடை,
தரைத்தளம், கடை எண் 1, இராயபுரம், சென்னை.

பெறுநர்
கட்டட மேலாளர் அவர்கள்,
கட்டட நிர்வாக அலுவலகம், இராயபுரம், சென்னை.

நாள்: மார்ச் 9

பொருள்: பொது எக்ஸாஸ்ட் டக்டில் அபாய அளவைத் தாண்டிய எண்ணெய்ப் படிவு; மார்ச் 20க்குள் சுத்தம் செய்யவும், கதவுகள் அமைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற சனிக்கிழமை மார்ச் 7ஆம் தேதி இரவு, கடை மூடிய பிறகு, தங்கள் எலெக்ட்ரீஷியன் உடனிருக்க, நமது கட்டடத்தின் பொது டக்டைப் பார்வையிட்டேன். எங்கள் ஹூடும் கிளைக்குழாயும் பிப்ரவரி மாதம் சுத்தம் செய்யப்பட்டவை. ரசீதின் நகல் இத்துடன் உள்ளது. அப்பகுதியில் படிவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருந்தது.

பொதுப் பகுதியில் கண்டவை வருமாறு. எங்கள் கிளை சேரும் இடத்தில், படுக்கைக் குழாயின் அடிப்பரப்பில் 3 மில்லிமீட்டரும், பக்கங்களில் 1 மில்லிமீட்டரும், மேற்பரப்பில் அரை மில்லிமீட்டரும் படிவு இருக்கிறது. ஏறுகுழாயின் அடியில் 4 மில்லிமீட்டர் இருக்கிறது. சுத்தம் செய்ய வேண்டிய எல்லை 2 மில்லிமீட்டர் என்பது இத்துறையில் பின்பற்றப்படும் நியமம். ஏறுகுழாயின் முதல் இணைப்பில் தகரம் துருப்பிடித்து எண்ணெய் கசிந்து, அருகிலுள்ள சீலிங் பலகை ஊறியிருக்கிறது. புகைப்படங்கள் 1 முதல் 6 வரை இணைத்துள்ளேன்.

படுக்கைக் குழாயின் உட்பரப்பு ஏறத்தாழ 19 சதுர மீட்டர். சராசரிக் கனத்தைக் குறைத்து 1 மில்லிமீட்டர் என்றே கொண்டாலும், 19 லிட்டர் அளவுக்குப் பிசுக்கு இருக்கிறது. அதாவது நாம் வாங்கும் 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றுக்கும் அதிகமான எரிபொருள், லாட்ஜு அறைகளுக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே தங்கியிருக்கிறது. ஏறுகுழாயில் இருப்பதை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. மார்ச் 20ஆம் தேதிக்குள் பொதுக் குழாய், ஏறுகுழாய், புளோயர் மூன்றையும் முழுமையாகச் சுத்தம் செய்வித்தல். மூன்று விலைப்புள்ளிகளை மார்ச் 13க்குள் பெற்றால், அன்றே முடிவு செய்ய நான் வருகிறேன்.

2. ஊறிய சீலிங் பலகையை உடனே மாற்றி, சுத்தம் முடிந்த பின் கசியும் இணைப்பைப் பற்றவைத்து மூடுதல்.

3. படுக்கைக் குழாயில் மூன்று கதவுகளும், ஏறுகுழாயில் மாடிக்கு ஒன்றும் அமைத்தல். இவ்வேலைக்குக் கடைகள் சில நாள் மூடியிருக்க வேண்டுமாதலால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், காசிமேட்டு வியாபாரம் குறைந்திருக்கும்போது செய்யலாம். முதலாவது வேண்டுகோளை அதுவரை ஒத்திவைக்க வேண்டாம்.

4. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, அளவுகளை ஒரு பதிவேட்டில் எழுதி, மூன்று கடைக்காரர்களிடமும் கையொப்பம் பெறுதல்.

செலவில் என் பங்கைக் கொடுக்கச் சம்மதிக்கிறேன். முதல் சுத்தத்துக்கு மூன்று கடைகளும் கட்டட நிர்வாகமும் சமமாக ஏற்பதென்றும், பின்வருபவற்றுக்கு ஹூடின் நீளத்தைக் கொண்டு பிரிப்பதென்றும் யோசனை கூறுகிறேன். வேறு முறை தங்களுக்கு உசிதமாகத் தோன்றினால் பேசித் தீர்மானிக்கலாம்.

சுத்தம் முடியும்வரை எங்கள் கடையில் அதிவேகத் தீ அடுப்பைப் பயன்படுத்துவதை நிறுத்தியிருக்கிறேன். மற்ற இரு கடைகளுக்கும் இவ்வாறே அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.

மார்ச் 13ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: புகைப்படங்கள் 6, கிளைக்குழாய் சுத்தம் செய்த ரசீது, டக்டின் வரைபடம் ஒரு தாள்.

நகல்: கடை எண் 2, கடை எண் 3, லாட்ஜு நிர்வாகி.

கடிதத்தின் அமைப்பு குறித்துச் சில விளக்கங்கள்

இக்கடிதத்தில் எவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபாஸ்ட் ஃபுட் கடையின் அடுப்புகளே அதிகப் பிசுக்கை அனுப்புகின்றன என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆயினும் அதை எழுதினால் கடிதம் டக்டைப் பற்றியதாக இல்லாமல் இரண்டு கடைக்காரர்களின் தகராறாக மாறி, மேலாளர் நடுவராக உட்கார்ந்துவிடுவார். அந்த விஷயத்தை நான்காவது வேண்டுகோள் சப்தமில்லாமல் தீர்த்துவைக்கிறது. 96ஆம் நியமத்தின்படி, வாணலியில் அதிவேகத் தீயில் சமைக்கும் இடங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், நடுத்தர அளவில் சமைக்கும் இடங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பரிசோதனை விதிக்கப்பட்டிருக்கிறது. பல அடுப்பங்கரைகள் ஒரே டக்டில் சேரும்போது, மிக அதிகமாகச் சமைக்கும் அடுப்பங்கரைக்குரிய தவணையே பொதுக் குழாய்க்கும் தவணையாக வேண்டும் என்பது வெளிப்படை.

சதுர மீட்டரையும் மில்லிமீட்டரையும் தாண்டி எண்ணெய் டின் ஒன்றைக் குறிப்பிட்டது அலங்காரத்துக்கன்று. மேலாளரும் அவருடைய முதலாளியும் டக்டினுள் தலையை விட்டுப் பார்க்கப் போவதில்லை; 3 மில்லிமீட்டர் என்பது அவர்களுக்கு நகத்தின் கனமாகவே தோன்றும். பரப்பையும் கனத்தையும் பெருக்கி லிட்டராக்கினால் மட்டுமே அதன் உண்மையான அளவு புலப்படும். உங்கள் கட்டடத்துக்குக் கணக்கிடும்போது, டக்டின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரட்டித்தால் சுற்றளவு வரும். அதை நீளத்தால் பெருக்கினால் சதுர மீட்டர் வரும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனம் என்பது ஒரு லிட்டர். சராசரியைக் குறைத்தே எடுங்கள். மிகைப்படுத்திய ஒரு கணக்கு பிடிபட்டால் மற்ற அளவுகளின்மீதும் சந்தேகம் விழும்.

தீத்தடுப்புக்கான வேலைகளை அவசரமானவை, அவகாசம் தரக்கூடியவை என இரண்டாகப் பிரித்ததும் காரணத்தோடுதான். எல்லாவற்றையும் உடனே கேட்டால், பெரிய செலவைக் காரணம் காட்டிச் சிறிய வேலையும் தள்ளிப்போகும். தடைக்காலத்தைக் குறிப்பிட்டதால் எழுதியவர் வியாபாரத்தின் போக்கை அறிந்தே பேசுகிறார் என்பது விளங்கும். முதல் வேண்டுகோளை அதுவரை ஒத்திவைக்க வேண்டாம் என்ற வாக்கியம் இல்லாவிடில், அதே தடைக்காலம் தாமதத்துக்குச் சாக்காகவும் ஆகிவிடும்.

லாட்ஜு நிர்வாகிக்கு நகல் அனுப்பியது மிக முக்கியம். டக்ட் தீயில் உயிராபத்து மிகுதியும் மேலே உறங்குபவர்களுக்கே. ஆதலால் அவர் மேலாளரிடம் கேட்கும் கேள்வி, கடைக்காரரின் கேள்வியைவிட விரைவில் பலன் தரும். கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் தேதியோடு கையொப்பம் பெறுங்கள். அது இயலாவிடில் ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்புங்கள். கொடுக்கும்போது, "சார், ஒரு தடவை மேல ஏறி வந்து பாருங்க" என்று அழைத்துச் சென்று காட்டிவிட்டால், கடிதத்தில் உள்ளதைப் பற்றிப் பிறகு விவாதம் எழாது.

வேலை செம்மையாக நடந்ததா என்பதை அறிதல்

விலைப்புள்ளி கேட்கும்போதே, படுக்கைக் குழாயும் வளைவுகளும் புளோயரின் இறக்கைகளும் அதில் அடங்கியுள்ளனவா என்று எழுதி வாங்குங்கள். ஹூடையும் கண்ணுக்குத் தெரியும் ஓரிரு அடியையும் பளபளப்பாக்கிவிட்டுப் போவதே இத்தொழிலில் அடிக்கடி காணும் குறை. மேலே உள்ள உதாரணத்தில் படுக்கைக் குழாய்க்குக் கதவு இல்லாமையால், முதல் சுத்தத்தின்போதே குறைந்தது ஒரு தற்காலிகத் திறப்பாவது வெட்டி, வேலை முடிந்ததும் மூடியிட்டு இறுக்க வேண்டியிருக்கும். அதைச் சொல்லாமல் "முழுவதும் செய்கிறோம்" என்பவரை நம்ப வேண்டாம்.

வேலை நடக்கும் இரவில் கேஸ் இணைப்பை மூட வேண்டும். புளோயரின் மின்சாரத்தை நிறுத்தி, வேறொருவர் அறியாமல் போட்டுவிடாதபடி சுவிட்சைப் பூட்டிச் சாவியை வேலை செய்பவரிடம் கொடுக்க வேண்டும். முதலில் கெட்டியான அடையைச் சுரண்டி எடுத்து, பிறகு காரக் கரைசலைப் பூசி ஊறவிட்டு, வெந்நீரால் கழுவுவது முறை. சுரண்டாமல் கரைசலை மட்டும் தெளித்தால் மேற்பரப்பு இளகி உள்ளே உள்ளது அப்படியே நிற்கும். கழுவிய நீரைத் தெரு மழைநீர்க் கால்வாயில் விடாமல் பிடித்து அகற்றச் சொல்லுங்கள். காரக் கரைசல் துத்தநாகப் பூச்சைத் தின்னக் கூடியதாகையால், அது முற்றிலும் கழுவப்படாவிட்டால் கடற்காற்று செய்யும் அரிப்பு இன்னும் விரைவாகும்.

முடிந்ததும், முன்பு அளந்த அதே இடங்களில் மீண்டும் அளக்க வேண்டும். தகரம் தெரியும்படி இருப்பதும், வெள்ளைத் துணியால் துடைத்தால் வழுவழுப்பான கறை ஒட்டாமல் இருப்பதும் நல்ல அடையாளங்கள். ஒப்பந்தக்காரர் தரும் அறிக்கையில், சுத்தம் செய்யப்பட்ட பகுதிகளோடு, எட்ட முடியாமல் விடுபட்ட பகுதிகளும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். விடுபட்டது ஒன்றுமில்லை என்னும் அறிக்கை, கதவு போதாத கட்டடத்தில், சந்தேகத்துக்குரியது. இந்த அறிக்கையையும், உங்கள் கடிதத்தையும், பதிலையும் ஒரே கோப்பில் வையுங்கள். காப்பீட்டுக் கம்பெனி என்றேனும் பராமரிப்புக்கு ஆதாரம் கேட்டால் அந்தக் கோப்பே உங்கள் சாட்சி.

பதில் வராவிடில்

குறித்த தேதி கடந்தால், முதல் கடிதத்தின் நகலை இணைத்து, மூன்றே வரியில் இரண்டாம் கடிதம் எழுதுங்கள்; அதன் நகலைக் கட்டட உரிமையாளருக்கும், உங்கள் பகுதித் தீயணைப்பு நிலைய அதிகாரிக்கும் அனுப்புவதாக அக்கடிதத்திலேயே தெரிவியுங்கள். தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985ஆம் ஆண்டுமுதல் இருந்துவருகிறது. நிலைய அதிகாரிக்கு எழுதும்போது புகாராக எழுதாமல், கட்டடத்தைப் பார்வையிட்டு ஆலோசனை கூறுமாறு வேண்டுங்கள். மூன்று கடைக்காரர்களும் சேர்ந்து கையொப்பமிடுவது இந்தக் கட்டத்தில் மிகுந்த பலன் தரும்.

இடைக்காலத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. ஃபில்டர்களைத் தினமும் கழுவி, இடைவெளியின்றி மீண்டும் பொருத்த வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஒருவேளைகூட அடுப்பு மூட்டலாகாது. அதிவேக அடுப்பைத் தவிர்க்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் கரியடுப்பில் கிரில் சிக்கன் தொடங்க எண்ணினால், அந்தப் புகையைப் பொது டக்டில் சேர்க்க ஒப்பலாகாது. கரிப்பொறிகள் பிசுக்குள்ள குழாயில் ஏறும் என்பதனாலேயே, 96ஆம் நியமம் கரி, விறகு அடுப்புகளுக்குத் தனிப் புகைவழி கோருகிறது.

டக்டினுள் தீப்பிடித்ததாகச் சந்தேகம் எழுந்தால், அதாவது உறுமல் போன்ற ஓசை கேட்டாலோ, குழாயின் வெளிப்புறப் பூச்சு கருகிக் கொப்புளித்தாலோ, அடுப்பை அணைத்தபின்னும் மொட்டை மாடியில் கரும்புகை எழுந்தாலோ, முதலில் கேஸை மூடுங்கள். உள்ளே பார்ப்பதற்காக ஃபில்டரையோ கதவையோ திறக்காதீர்கள். எரியும் எண்ணெயின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஏனெனில் நீர் நொடியில் ஆவியாகி எண்ணெயை நாற்புறமும் வீசிவிடும். 101க்கு அழைத்து, "டக்டுக்குள்ளே தீ, மேலே லாட்ஜில் ஆட்கள் இருக்கிறார்கள்" என்று இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் மாடிகளுக்கு ஏறி அறைகளைத் தட்ட, மற்றொருவர் தெருவில் நின்று கண்டெய்னர் லாரிகளை விலக்கித் தீயணைப்பு வண்டிக்கு வழி செய்யட்டும். யார் ஏறுவது, யார் தெருவில் நிற்பது என்பதை மூன்று கடைகளின் ஆட்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலையும் டக்டின் வரைபடத்தையும் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவையுங்கள்.